அப்பா போனை இன்னும் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறீர்களா?

வீட்டில் ஒருவர் இறந்துவிட்டால் அவருடைய போனை யாரும் அணைப்பதில்லை. துக்கம் விசாரிக்கக் கூப்பிடுவார்கள், பென்ஷன் அலுவலகத்திலிருந்து அழைப்பு வரும், கேஸ் சிலிண்டருக்கு ஓ.டி.பி. அந்த எண்ணுக்குத்தான் வரும். அதனால் காரியம் முடிந்த பிறகும் அது டிவி பக்கத்தில் சார்ஜில் கிடக்கும். வீட்டு வைஃபையும் அதில் ஓடிக்கொண்டிருக்கும்.

இறந்தவர் விவரமானவராக இருந்து, தன் கூகுள் கணக்கில் குடும்பத்துக்காக ஒரு ஏற்பாடு செய்து வைத்திருந்தால், அந்த ஏற்பாட்டைத் தடுத்து நிறுத்துவது பெரும்பாலும் இந்தச் சார்ஜில் கிடக்கும் போன்தான்.

கூகுள் இதற்கு Inactive Account Manager என்று பெயர் வைத்திருக்கிறது. 2013 முதல் இருக்கிறது. myaccount.google.com/inactive என்ற முகவரியில் போய் நாமே அமைக்க வேண்டும். கணக்கு எத்தனை காலம் சும்மா கிடந்தால் நாம் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம் என்பதற்கு 3, 6, 12, 18 மாதங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறோம். அதன்பின் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று 10 பேர் வரை குறிப்பிடலாம். ஒவ்வொருவருக்கும் எதைக் கொடுப்பது, அதாவது போட்டோக்களா, மெயிலா, டிரைவில் உள்ள கோப்புகளா என்பதையும் தனித்தனியாகச் சொல்லலாம். கெடு முடிந்ததும் அவர்களுக்கு மெயில் போகும். தங்கள் எண்ணுக்கு வரும் குறியீட்டைப் போட்டு அவர்கள் தரவை இறக்கிக்கொள்ளலாம். பாஸ்வேர்டு யாருக்கும் கிடைக்காது. தரவின் நகல்தான் கிடைக்கும்.

இந்த ஏற்பாட்டில் இறப்புச் சான்றிதழ் எங்கேயும் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஒருவர் இறந்தது கூகுளுக்குத் தெரியாது. கணக்கு அமைதியாக இருக்கிறதா என்று மட்டும்தான் அது பார்க்கிறது. கடைசியாக எப்போது உள்நுழைந்தார், ஜிமெயில் செயலி பயன்பாட்டில் இருக்கிறதா, ஆண்ட்ராய்டு போன் கூகுளின் கணினிகளோடு தொடர்பு கொள்கிறதா என்பவற்றையெல்லாம் வைத்துத்தான் அது முடிவு செய்யும். கடைசியாகச் சொன்னது, போனை யாரும் தொடாவிட்டாலும் தானாக நடப்பது. உள்ளே அவர் கணக்கு இருக்கிறது, வைஃபையும் இருக்கிறது என்றால் அவர் இன்னும் ‘இருக்கிறார்’.

ஓர் உதாரணக் குடும்பத்தை வைத்துப் பார்ப்போம். கும்பகோணத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர். கெடு 3 மாதம் என்று வைத்து, கோயம்புத்தூரில் இருக்கும் மகளின் மெயிலையும் மொபைல் எண்ணையும் கொடுத்திருந்தார். ஜனவரி 10 அன்று இறந்தார். ஏப்ரல் 10 வாக்கில் மகளுக்கு மெயில் வந்திருக்க வேண்டும். ஆனால் அம்மா போனை அணைக்கவில்லை. மார்ச்சில் ரீசார்ஜ் தீர்ந்து அழைப்புகள் நின்றன, வைஃபை நிற்கவில்லை. ஜூன் 30 அன்று பேட்டரி உப்பிவிட்டது என்று மகன் அணைத்து பீரோவில் வைத்தார். கெடு அன்றுதான் ஓடத் தொடங்கியது. மெயில் வந்தது செப்டம்பர் இறுதியில். அதற்குள் மகள் துபாய்க்குப் போய், இந்திய சிம்மை விட்டுவிட்டார். குறியீடு போன எண் அவரிடம் இல்லை.

இதில் யாரும் முட்டாள்தனம் எதுவும் செய்யவில்லை. அப்பா அமைத்ததை வாயைத் திறந்து சொல்லவில்லை, அவ்வளவுதான். நாம் ஒருவரைக் குறிப்பிடும்போது கூகுள் அவருக்கு எந்தத் தகவலும் அனுப்பாது. கெடு முடிந்த பிறகுதான் முதல் மெயிலே போகும். இறந்துபோன அப்பாவிடமிருந்து ‘என் தரவை இறக்கிக்கொள்’ என்று இணைப்போடு ஒரு மெயில் வந்தால், ஆன்லைன் மோசடிகளைப் பற்றித் தினமும் படிக்கும் மகள் அதைத் தொடுவாரா? அழித்துவிடுவார். அதனால் அமைக்கும்போதே அந்த மெயிலில் போகும் வரிகளை நீங்களே எழுதுங்கள். வீட்டார் மட்டும் அறிந்த ஒரு செல்லப்பெயரோ ஒரு சம்பவமோ அதில் இருக்கட்டும். இப்படி ஒரு மெயில் வரும் என்று நேரிலும் சொல்லிவிடுங்கள். சாவைப் பற்றிப் பேசுவது அபசகுனம் என்று சில வீடுகளில் வாயை அடைப்பார்கள். எல்.ஐ.சி. பாலிசி எந்த டிராயரில் இருக்கிறது என்று சொல்வோமே, அந்தத் தொனியில் இதையும் சொல்லலாம்.

போனை என்ன செய்வது? சிம்மும் கூகுள் கணக்கும் வேறு வேறு. சிம்மைக் கழற்றி, அந்தச் சிம் வேலை செய்யும் ஒரு பட்டன் போனில் போட்டுவிட்டால் அழைப்புகள் வந்துகொண்டிருக்கும், சிலிண்டர் ஓ.டி.பி.யும் வரும். ஸ்மார்ட்போனை அணைத்து வைக்கலாம். பிறகு நிதானமாக, இறப்புச் சான்றிதழோடு தொலைபேசி நிறுவனத்தின் சேவை மையத்துக்குப் போய் எண்ணை வாரிசு பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தால், ரீசார்ஜ் இல்லாமல் பயன்பாடும் இல்லாமல் கிடக்கும் எண்ணை நிறுவனம் ரத்து செய்துவிடும். அதன்பின் அதே எண் முன்பின் தெரியாத ஒருவருக்குப் போய்ச் சேரும்.

அணைப்பதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. திரைப்பூட்டின் எண் வீட்டாருக்குத் தெரியும் என்றால், போனில் மட்டுமே இருக்கும் போட்டோக்களைக் கேபிள் போட்டுக் கணினிக்கு நகலெடுத்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் வந்தவற்றை மறக்க வேண்டாம். கூகுள் தரும் நகலில் அந்த உரையாடல்கள் வரும் என்று நம்பியிருக்க முடியாது. 120 நாள் பயன்பாடு இல்லாவிட்டால் வாட்ஸ்அப் கணக்கையே அந்த நிறுவனம் நீக்கிவிடும். பூட்டு எண் தெரியாமல் பத்துப் பதினைந்து முறை முயன்று பார்ப்பது, கடைக்காரரிடம் கொடுத்து ரீசெட் போடச் சொல்வது இரண்டுமே கெடுதல். ரீசெட் போட்டால் உள்ளே இருந்தது எல்லாம் அழியும். அதன்பின் போனைத் திறக்க அது பழைய கணக்கின் பாஸ்வேர்டையே கேட்கும்.

‘எதற்கு இவ்வளவு? பாஸ்வேர்டை டைரியில் எழுதி வைத்தால் போதாதா’ என்று கேட்பவர்கள் உண்டு. டைரி வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு படிச் சரிபார்ப்பு இருந்தால், புதிய கணினியில் பாஸ்வேர்டு போட்டதும் குறியீடு அப்பாவின் எண்ணுக்குப் போகும், அல்லது பூட்டிக் கிடக்கும் அவர் போனில் ‘நீங்கள்தானா’ என்று கேட்கும். அந்த எண் ரத்தாகியிருந்தால் கதை முடிந்தது. இன்னொரு விஷயம், டைரியைப் பார்த்து மகன் மாதம் ஒருமுறை உள்ளே நுழைந்து பார்த்தால், ஒவ்வொரு முறையும் கெடு முதலிலிருந்து எண்ணப்படும். தங்கைக்குப் போக வேண்டிய மெயில் போகவே போகாது. கெடு முடிவதற்குச் சுமார் ஒரு மாதம் முன்பு கூகுள் கணக்குக்காரரின் எண்ணுக்கும் மெயிலுக்கும் எச்சரிக்கை அனுப்பும். அதைப் பார்த்துப் பதறி, ‘ஐயோ கணக்கு போய்விடும்’ என்று யாராவது உள்நுழைந்தாலும் இதே கதிதான். டைரி வழியா, கூகுள் வழியா என்று குடும்பம் ஒன்றை முடிவு செய்துகொள்ள வேண்டும்.

எத்தனை மாதம் வைப்பது என்பதில் என் கருத்து 6. மூன்று மாதம் என்றால் நீண்ட மருத்துவமனை வாசத்திலேயே கெடு தீர்ந்துவிடலாம். பதினெட்டு மாதம் வைத்தால் மெயில் போகும் நேரத்துக்கு, குறிப்பிட்டவரின் எண் மாறியிருக்கக்கூடும். ஒரே ஒருவரை மட்டும் போடாமல் இரண்டு பேரைப் போடுங்கள், ஒருவர் எண் மாறினாலும் மற்றவர் இருப்பார். அமைப்பின் கடைசிப் பக்கத்தில், கணக்கை அழித்துவிடவா என்று ஒரு கேள்வி வரும். ஆம் என்றால் கெடு முடிந்து 3 மாதத்தில் மொத்தமும் போய்விடும். இறக்கிக்கொள்ளவும் அந்த 3 மாதம்தான். ஐம்பது ஜிபி போட்டோவை மொபைல் டேட்டாவில் இறக்கப் பார்த்துத் தோற்றவர்கள் அந்தக் கெடுவைத் தவறவிடுவார்கள். அழிப்பதற்குத் தனிப்பட்ட காரணம் இல்லையென்றால் அந்தக் கேள்விக்கு ‘ஆம்’ சொல்லாதீர்கள். எதுவுமே அமைக்காத கணக்கையும், இரண்டு ஆண்டு யாரும் பயன்படுத்தாவிட்டால் நீக்கலாம் என்பது 2023 டிசம்பரிலிருந்து கூகுளின் கொள்கை.

இத்தனையும் சரியாகச் செய்து, தவறான கணக்கில் செய்பவர்களும் இருக்கிறார்கள். நம்மூரில் முதல் ஸ்மார்ட்போனை வாங்கிய கடையிலேயே ஒரு ஜிமெயில் போட்டுக் கொடுத்திருப்பார்கள். அடுத்த போனுக்கு மகன் இன்னொன்று போட்டிருப்பார். போட்டோ ஏறிக்கொண்டிருப்பது ஒன்றில், வங்கி மெயில் வருவது இன்னொன்றில். இந்த ஏற்பாடு ஒவ்வொரு கணக்குக்கும் தனித்தனி. கூகுள் போட்டோஸ் செயலியில் வலது மேல் மூலையில் உள்ள படத்தைத் தொட்டால் எந்த முகவரி என்று தெரியும், அதில் அமையுங்கள்.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு வழி வேறு. 2021 டிசம்பரில் வந்த ஐ.ஓ.எஸ். 15.2 முதல் Legacy Contact என்ற அமைப்பு இருக்கிறது; ஐந்து பேர் வரை சேர்க்கலாம். இங்கே கெடு எதுவும் ஓடாது. நாம் சேர்த்தவரிடம் ஓர் அணுகல் சாவி இருக்க வேண்டும். அதையும் இறப்புச் சான்றிதழையும் சேர்த்து digital-legacy.apple.com வழியாக அவர் விண்ணப்பிக்க வேண்டும். பலர் அந்தச் சாவியைத் தங்கள் போனிலேயே வைத்துக்கொண்டு, வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். பூட்டின போனுக்குள் இருக்கும் சாவியால் என்ன பயன்? அச்செடுத்துக் கொடுங்கள். ஒப்புதல் கிடைத்த பிறகு மூன்று ஆண்டுகள் பார்க்கலாம், பிறகு கணக்கு அழிந்துவிடும். ஐகிளவுட் கீசெயினில் சேமித்த பாஸ்வேர்டுகள் இதில் வராது.

ஃபேஸ்புக்கிலும் இதே பெயரில் ஒன்று உண்டு. அதில் குறிப்பிடப்பட்டவர் நினைவுப் பக்கத்தின் படத்தை மாற்றலாம், ஒரு பதிவை மேலே நிறுத்தலாம். தனிச்செய்திகளைப் படிக்க முடியாது.

இவற்றில் பெயர் கொடுத்ததாலேயே வங்கிப் பணத்துக்கும் வழி பிறந்துவிட்டது என்று எண்ணுபவர்களும் இருக்கிறார்கள். மெயிலில் வங்கி அறிக்கை கிடைக்கும், எந்த வங்கியில் கணக்கு இருந்தது என்று தெரியவரும், அவ்வளவே. பணத்துக்கு நாமினி தனியாகப் பதிய வேண்டும். 2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை பதியலாம். நாமினி என்பவரும் வாரிசுகளுக்காகப் பணத்தைப் பெற்றுக்கொள்பவர்தான், அவரே உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. அப்பாவின் யூபிஐ பின் தெரியும் என்பதற்காக அவர் இறந்த மறுநாள் அவர் கணக்கிலிருந்து மாற்றிக்கொண்ட தொகை, பின்னால் அண்ணன் தம்பிகள் கணக்குக் கேட்கும்போது தேதியோடு வங்கி அறிக்கையில் நிற்கும்.