'மூன்றில் இரண்டு பங்கு' என்றால் எதில்? துணைவிதிகளைத் தமிழாக்கும் முறை

வீரவநல்லூர்ப் பக்கம் ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் துணைவிதிகள் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தன. தட்டச்சு மங்கிய பழைய படி. அதைத் தமிழாக்கும் வேலை என்னிடம் வந்தது. முதன்முறை செய்பவர்களுக்காக, நான் செய்த வரிசையிலேயே சொல்கிறேன். இடறிய இடமும் அதில் உண்டு.

முதலில் சொற்பட்டியல் போடுங்கள். ஒரு விதியைக்கூட மொழிபெயர்க்க வேண்டாம். தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் 1983, அதன் கீழ் வந்த 1988ஆம் ஆண்டு விதிகள், அவற்றுக்குக் கீழே சங்கத்தின் துணைவிதிகள் என்று மூன்று அடுக்கு இருக்கிறது. 'பைலா'வுக்கு ஓரிடத்தில் விதி, இன்னோரிடத்தில் சட்டதிட்டம் என்று எழுதினால் எந்த அடுக்கைச் சொல்கிறீர்கள் என்பது குழம்பிவிடும். 'ஜெனரல் பாடி' என்பது பேரவை. அது கூடுவது பேரவைக் கூட்டம். 'கோரம்' என்பது குறைவெண் வரம்பு. சங்கம் செயல்படும் பகுதியைச் சங்கத்தார் 'விவகார எல்லை' என்று சொல்லிப் பழகியிருந்தால், அதை விட்டுவிட்டுப் புதுச்சொல் தேட வேண்டாம். ஒரு பொருளுக்கு ஒரு சொல். அதையே கடைசிப் பக்கம் வரை வையுங்கள். நடை அலுப்பூட்டும்தான், அலுப்பூட்டட்டும்.

அடுத்து, வினைமுற்றுகள். 'ஷால்' வந்தால் 'வேண்டும்', 'மே' வந்தால் 'லாம்'. மரியாதைக்காக 'கூட்டலாம்' என்று எழுதினால், கூட்டத்தைக் கூட்டியே தீர வேண்டிய நிர்வாகக் குழுவுக்கு விடுப்புக் கொடுத்ததாகிவிடும்.

பிறகு உறுப்பினர் தகுதி. எங்கள் படியில் இருந்த வாக்கியம் இப்படி: பங்குத்தொகை முழுவதையும் கூட்ட நாளுக்கு முப்பது 'கிளியர் டேஸ்' முன்பு செலுத்தினாலன்றி எந்த உறுப்பினருக்கும் வாக்குரிமை இல்லை. இதில் இரண்டு எதிர்மறை. தமிழில் நேராகத் திருப்பினால் கேட்பவர் பாதியில் விட்டுவிடுவார். 'செலுத்தியிருந்தால் மட்டுமே வாக்களிக்கலாம்' என்று எழுதினால் பொருள் மாறாது. ஆனால் அந்த முப்பது நாள் வேறு கணக்கு. பணம் கட்டிய நாளும் கூட்ட நாளும் சேராமல், இடையில் முழுதாக முப்பது நாள் இருக்க வேண்டும். ஆகஸ்ட் 31 அன்று கூட்டம் என்றால் ஜூலை 31க்குள் கட்டியிருக்க வேண்டும். வெறுமனே 'முப்பது நாட்களுக்கு முன்' என்று எழுதினால், ஆகஸ்ட் 1 அன்று கட்டியவர் வாக்குச்சீட்டு கேட்டு வந்து நிற்பார். 'இரு நாட்களும் நீங்கலாக முழுமையான முப்பது நாட்கள்' என்று விரித்துவிடுங்கள்.

இனி நான் இடறிய இடம். துணைவிதித் திருத்தத்துக்கு 'பிரசன்ட் அண்ட் வோட்டிங்' உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினரின் ஆதரவு வேண்டும் என்று மூலத்தில் இருந்தது. நான் 'கூட்டத்துக்கு வந்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர்' என்று எழுதிவிட்டேன். படித்துப் பார்த்தால் நன்றாகத்தான் இருந்தது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சங்கத்தில் 240 பேர், வந்தவர்கள் 90, ஆதரவு 56, எதிர்ப்பு 24, வாக்களிக்காமல் இருந்தவர்கள் 10. மூலத்தின்படி வாக்களித்த 80 பேரை மட்டும் எண்ண வேண்டும். 54 போதும், தீர்மானம் நிறைவேறுகிறது. என் தமிழின்படி 90 பேரை எண்ண வேண்டும். 60 தேவை, தோற்றுவிடுகிறது. 'வந்த' என்பதையும் விட்டிருந்தால் 160 வாக்கு தேவைப்பட்டிருக்கும்.

இதை நான் கண்டுபிடிக்கவில்லை. ஒரு சாயங்காலம் தறிக்கூடத் திண்ணையில் வரைவை வாசித்துக் காட்டியபோது, வயதான நெசவாளர் ஒருவர் கேட்டார்: "கையைத் தூக்காமல் உட்கார்ந்திருந்தவனை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள், அண்ணாச்சி?" வீட்டுக்கு வந்து மூலத்தைப் பிரித்த பிறகுதான் விட்டுப்போன சொல் கண்ணில் பட்டது. இப்போது இருப்பது: 'கூட்டத்துக்கு வந்திருந்து வாக்களித்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாதவர்கள் ஆதரித்தால்'. 'குறையாத' என்பதும் முக்கியம். 'மேற்பட்ட' என்று எழுதியிருந்தால், 90 பேர் வாக்களித்து 60 பேர் ஆதரிக்கும் நாளில் தீர்மானம் விழுந்துவிடும்.

ஆகவே வரைவு முடிந்ததும் வாக்கு, நாள், பங்கு வரும் ஒவ்வொரு விதிக்கும் இப்படி எண்களைப் போட்டு, மூலத்திலும் தமிழிலும் ஒரே விடை வருகிறதா என்று பாருங்கள். பிறகு உறுப்பினர்கள் நாலைந்து பேருக்கு உரக்க வாசியுங்கள்.

மூலத்திலேயே தவறு தென்பட்டால் திருத்தாதீர்கள். உள்ளதை உள்ளபடி பெயர்த்து, தனித்தாளில் எழுதி நிர்வாகக் குழுவிடம் கொடுங்கள். பேரவை தீர்மானித்துப் பதிவாளர் பதிவு செய்தால்தான் துணைவிதி மாறும். அதுவரை உங்கள் தமிழ், உறுப்பினர்கள் படித்துப் புரிந்துகொள்வதற்கான படிதான். முதல் பக்கத்தில் 'ஐயம் எழுந்தால் பதிவு செய்யப்பட்ட ஆங்கில மூலமே செல்லும்' என்று ஒரு வரி அச்சிட்டுவிடுங்கள்.