பச்சைக் குலையும் மண்டோர் அண்ணனும்: மீட்டிங்கில் குறை சொல்வதும் கேட்பதும்

தெலுக் இந்தான் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வாரக் கடைசியில் ஆபிஸில் மீட்டிங். மேனஜர், கிராணியக்கா, குலை வெட்டும் ஆட்களை மேற்பார்க்கும் இரண்டு மண்டோர்கள், லோரி ஓட்டுபவர், புதிதாக வேலைக்குச் சேர்ந்த இளம் சூப்பர்வைசர். ஆலையிலிருந்து வந்த தரச் சீட்டில், பார்த்த 100 குலைகளில் 9 காய் என்று போட்டிருக்கிறது. காசும் பிடித்துவிட்டார்கள். இதைச் சொல்ல வேண்டியது சூப்பர்வைசர் தம்பி. கேட்க வேண்டியவர் அவரைவிட இருபது வயது மூத்த மண்டோர் அண்ணன்.

தம்பி இப்படி ஆரம்பிக்கிறார்: “அண்ணே, உங்க ஆளுங்க எப்பவும் பச்சைக் குலையத்தான் வெட்டுறாங்க. கொஞ்சம் பார்க்கக் கூடாதா?”

பதில் உடனே வரும். “நீ பொறக்கறதுக்கு முன்னாடி இருந்தே நான் குலை பார்க்கிறேன், தம்பி.” அதோடு மீட்டிங் முடிந்த மாதிரிதான். இனி பேசப்படுவது குலை இல்லை, யாருக்கு யார் பெரியவர் என்பது.

இது அண்ணனின் குணக்கோளாறு இல்லை. 1996இல் க்ளூகர், டெனிசி என்ற இரண்டு ஆய்வாளர்கள், வேலையைப் பற்றிக் கருத்துச் சொல்வதால் என்ன ஆகிறது என்று அதுவரை வந்திருந்த சோதனைகளைத் திரட்டிப் பார்த்தார்கள். சராசரியாகப் பார்த்தால் வேலை முன்னேறியது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட நேரங்களில் அது முன்பைவிட மோசமானது. கேட்பவரின் கவனம் வேலையை விட்டு ‘நான் எப்படிப்பட்டவன்’ என்ற பக்கம் போகும்போது பலன் குறைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். கீழே வரும் படிகள் எல்லாம் கவனத்தைக் குலையிலேயே நிறுத்தி வைக்கத்தான்.

படி 1: முதல் நாளே காதில் போடுங்கள்

மூத்தவரிடம் பேசும்போது இதைத் தவறவிடவே கூடாது. ஆட்களுக்கு வேலை பிரிக்கும் காலைப் பெரட்டு முடிந்ததும் ஓரமாகக் கூப்பிட்டு, “அண்ணே, 14ஆம் பிளாக் சீட்டு வந்திருக்கு. நாளைக்கு மீட்டிங்ல அதைப் பத்திப் பேசணும். நீங்க ஒரு தடவை பார்த்துடுங்க” என்று சீட்டைக் கையில் கொடுத்துவிடுங்கள். நாலு பேர் முன்னால் முதல்முறையாகக் கேட்கிறவர் முகத்தைக் காப்பாற்றத்தான் பார்ப்பார். முன்பே தெரிந்தவர் பதிலை யோசித்துக்கொண்டு வருவார்.

எல்லாவற்றையும் மீட்டிங்குக்குக் கொண்டுவரவும் வேண்டாம். குடித்துவிட்டு வந்தது, காசு குறைந்தது, வீட்டுப் பிரச்சினை இதெல்லாம் தனியாகப் பேச வேண்டியவை. ஆபத்தான வேலை கண்ணெதிரே நடந்தால் மீட்டிங் வரைக்கும் காத்திருக்கவே கூடாது. பலர் சேர்ந்து சரிசெய்ய வேண்டிய விஷயம் மட்டும் மீட்டிங்குக்கு.

படி 2: பார்த்தது, விளைந்தது, அப்புறம் கேள்வி

தம்பி சொன்ன வாக்கியத்தில் மூன்று முள் இருந்தது. ‘எப்பவும்’ என்றதும் எதிராளி ஒழுங்காக வெட்டின ஒரு நாளைத் தேடிப் பிடித்துவிடுவார், வாதம் அங்கேயே போய்விடும். ‘உங்க ஆளுங்க’ என்றதும் மேசை இரண்டு பக்கமாகப் பிரிந்துவிடும். ‘பார்க்கக் கூடாதா’ என்பது கேள்வி வேஷம் போட்ட திட்டு.

மாற்றிச் சொன்னால்:

“அண்ணே, செவ்வாய்க்கிழமை 14ஆம் பிளாக் லோரி. 100 குலையில 9 காய்னு சீட்டுல இருக்கு. அதுக்கு ஆலையில காசு பிடிச்சிருக்காங்க. அன்னைக்கு அங்க வேலை எப்படி நடந்துச்சு?”

எந்த நாள், எந்த இடம், கண்ணால் பார்த்தது எது, அதனால் என்ன ஆனது. அவ்வளவுதான். உங்கள் ஊகத்தை அதில் கலக்காதீர்கள். ‘சோம்பேறித்தனம்’ என்பது ஊகம், ‘9 காய்’ என்பது சீட்டில் இருப்பது. கடைசிக் கேள்வியில் ‘ஏன்’ வேண்டாம். “ஏன் பச்சையா வெட்டினாங்க?” என்றால் கேட்பவர் காதில் அது குற்றப்பத்திரிகை. “எப்படி நடந்துச்சு?” என்றால் நடந்ததைச் சொல்ல வாய் வரும்.

கேட்டுவிட்டால் சும்மா இருங்கள். மௌனம் சங்கடமாக இருக்கிறதே என்று நாமே பதிலையும் சொல்லி முடிப்பதுதான் இங்கே அதிகம் நடக்கிற கோளாறு.

நம் உதாரணத்தில் அண்ணன் சொல்கிறார்: “அந்தப் பிளாக்ல மரம் எல்லாம் உயரம், தம்பி. கீழ உதிர்ந்த பழத்தைப் பார்த்துத்தான் பழுத்திருக்கான்னு தெரிஞ்சுக்கணும். மரத்தடியில புல்லு முழங்காலுக்கு நிக்குது. பழம் எங்க தெரியும்? புதுசா வந்த ரெண்டு பேரு குலையோட நிறத்தை மட்டும் பார்த்து வெட்டிட்டாங்க.”

வெட்டுகிறவர்கள் மேல் இருந்த பழி பாதி புல் மேல் போய்விட்டது. புல் வெட்டச் சொல்வது மண்டோர் வேலை இல்லை, மேனஜர் வேலை. முதல் வாக்கியத்தோடு நின்றிருந்தால் இது வெளியே வந்திருக்காது.

பாராட்டில் தொடங்கி, குறையை நடுவில் வைத்து, பாராட்டில் முடிக்கச் சொல்வார்கள் சிலர். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. “அண்ணே, நீங்க நல்லாத்தான் செய்றீங்க, ஆனா…” என்று இரண்டு தடவை கேட்டவர், மூன்றாம் தடவை பாராட்டு வரும்போதே ‘ஆனா’வுக்குக் காத்திருப்பார். பாராட்ட விஷயம் இருந்தால் அதை வேறொரு நாள் தனியாகப் பாராட்டுங்கள்.

படி 3: கேட்கிற பக்கம்

இப்போது நாற்காலியை மாற்றிப்போடுவோம். அண்ணன் திருப்பிச் சொல்கிறார்: “தம்பி, நீங்க பெரட்டுல வேலை பிரிச்சது அந்தப் புது ஆளுங்களுக்குப் புரியவே இல்லை.”

காது சூடாகும், வாயில் ‘இல்லண்ணே’ வந்து நிற்கும். அந்த இடத்தில் அவர் சொன்னதையே திருப்பிச் சொல்லுங்கள்: “செவ்வாய்க்கிழமை காலையில நான் சொன்னது புது ஆளுங்களுக்குப் புரியலைன்னு சொல்றீங்க, சரிதானே?” இது ஒப்புக்கொள்வது இல்லை, சரியாகக் கேட்டோமா என்று பார்ப்பது. மூச்சுவிடவும் நேரம் கிடைக்கும். அடுத்து ஓர் உதாரணம் கேளுங்கள்: “எந்த இடத்துல குழம்பினாங்க, அண்ணே?” அவர் “வேகமா மலாயில சொல்லிட்டு, ஆளையும் மாத்திப் போட்டுட்டு பைக்கை எடுத்துட்டீங்க” என்றால், அதில் சரிசெய்ய ஒன்று கிடைத்துவிட்டது.

பாதிதான் உண்மை என்று பட்டால், உண்மையான பாதிக்கு முதலில் பதில் சொல்லுங்கள். “வேகமா சொன்னது நிஜம். ஆளை மாத்திப் போட்டது நான் இல்லை, அதைக் கிராணியக்காகிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்.” வரிசை மாறினால் முழுவதும் சாக்கு மாதிரித்தான் ஒலிக்கும். உடனே பதில் வரவில்லையா? “திங்கட்கிழமை சொல்றேன்” என்று நாள் குறித்துச் சொல்லலாம்.

சண்டை போடுவது மட்டும்தான் தற்காப்பு என்று எண்ணிவிடாதீர்கள். “சரி சரி, தப்புத்தான், விடுங்க” என்று பேச்சை வெட்டுவதும், ஜோக்கடித்துச் சிரிக்க வைப்பதும், குனிந்து போனைப் பார்ப்பதும் அதே வகைதான். மீட்டிங்கை நடத்துகிறவர் இதைக் கண்டால் அங்கேயே துருவ வேண்டாம். “இதை அப்புறம் தே தாரிக் குடிச்சுக்கிட்டே பேசுவோம், அண்ணே” என்று அடுத்த விஷயத்துக்குப் போகலாம். ஆனால் அன்றைக்கே பேசிவிட வேண்டும்.

படி 4: யார், எதை, எப்போது

எழுந்து போவதற்கு முன் கிராணியக்கா மூன்று வரி எழுதிக்கொள்கிறார். 14ஆம் பிளாக் மரத்தடிப் புல், மேனஜர், வியாழனுக்குள். புது ஆட்கள் இருவரையும் ஒரு வாரம் பழைய ஆளோடு சேர்த்து அனுப்புவது, மண்டோர். வேலை பிரித்ததும் அவர்களையே திருப்பிச் சொல்லவைப்பது, சூப்பர்வைசர்.

அடுத்த வாரம் அந்தப் பிளாக்கின் புதுச் சீட்டு வந்ததும், குறை சொன்ன அதே மேசையில் அதை வாசிக்க வேண்டும். 9 என்பது 3 ஆகியிருந்தால் அண்ணனே வாசிக்கட்டும். 9 அப்படியே இருந்தால் முதலில் புல் வெட்டியாயிற்றா என்று மேனஜரிடம் கேளுங்கள், அண்ணன் பக்கம் அப்புறம் திரும்பலாம்.