ஈஸ்ட் தொற்று மறுபடியும் மறுபடியும் வருகிறதா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

பெண்ணுறுப்பில் ஈஸ்ட் தொற்று எப்போதோ ஒரு தடவை வந்து போனால் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. குளோட்ரிமசோல் மாத்திரையை இரவில் உள்ளே வைத்துக்கொண்டால் பெரும்பாலும் ஒரு வாரத்தில் சரியாகிவிடும். ஆனால் ஒரே ஆண்டில் மூன்று தடவையோ அதற்கு மேலோ வந்தால், அதைத் திரும்ப அழைத்து வரும் காரணம் ஒன்று உடம்பில் இருக்கலாம். அதைத் தேடாமல், ஒவ்வொரு தடவையும் பார்மசிக்குப் போய் அதே மருந்தை வாங்கி வருவதுதான் முதல் தவறு.

பட்டர்வொர்த்தில் இருந்து தினமும் பாலம் கடந்து, மோட்டாரில் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகும் 44 வயது அக்கா ஒருவரை வைத்துப் பார்ப்போம். ஜனவரியில் அரிப்பு, தயிர்போல் திட்டுத்திட்டாக வெள்ளைப்படுதல். பார்மசி மருந்தில் அடங்கியது. மார்ச்சில் சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல். கிளினிக்கில் சிறுநீரைச் சோதிக்காமலேயே சிறுநீர்த் தொற்று என்று ஐந்து நாளுக்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள். ஒரு வாரத்தில் அரிப்பு முன்னைவிட மோசமானது.

இங்கே நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பெண்ணுறுப்புக்குள் லாக்டோபேசிலஸ் என்ற நல்ல பாக்டீரியா இருக்கிறது. ஈஸ்ட் பெருகாமல் தடுப்பதில் அதற்கும் பங்கு உண்டு. ஆன்டிபயாட்டிக் அதையும் சேர்த்துக் கொன்றுவிடும். ஈஸ்ட் பூஞ்சை இனம் என்பதால் அதற்கு ஒன்றும் ஆகாது. ஆகவே எரிச்சல் எங்கே என்று கவனித்துச் சொல்லுங்கள். உள்ளுக்குள் எரிந்து, அடிக்கடி முட்டிக்கொண்டு வந்து, கொஞ்சமாகவே போனால் சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம். சிவந்த வெளித்தோலில் சிறுநீர் படும்போது மட்டும் சுரீர் என்றால் ஈஸ்ட் மீதுதான் சந்தேகம் போக வேண்டும். சிறுநீரைப் பரிசோதிக்கச் சொல்லிக் கேட்பதில் தப்பே இல்லை. மீன் வாடையோடு சாம்பல் நிறத்தில் நீர்த்துப் படுவது வேறொரு கோளாறு. ஈஸ்ட் மருந்து அதற்குக் கேட்காது.

ஜூனில் மூன்றாவது தடவை வந்தபோது அக்கா தன் இறுக்கமான ஜீன்ஸைத்தான் குறை சொன்னார். அது பாதி சரி. மழையில் நனைந்த உள்ளாடையோடு ஷிப்ட் முழுக்க உட்கார்ந்தால், அந்த ஈரமும் சூடும் ஈஸ்டுக்கு வசதிதான். பையில் ஒரு மாற்று உள்ளாடை வைத்திருந்து, வேலைக்குப் போனதும் மாற்றிக்கொள்ளலாம். பருத்தியில், கொஞ்சம் தளர்வாக இருந்தால் நல்லது. ஆனால் வெற்றிலை வாஷ், உப்புத் தண்ணீர், கிருமிநாசினி என்று உள்ளே கழுவ வேண்டாம். புண்பட்ட தோல் இன்னும் எரியும். வெளியே மட்டும் வெறும் தண்ணீரில் கழுவினால் போதும்.

உடையை மாற்றியும் ஆகஸ்டில் நான்காவது தடவை வந்தது. இந்தத் தடவை டாக்டர் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார்: 13.8. மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி 9.1. அக்காவுக்கு இனிப்புநீர் இருந்தது அன்றுதான் தெரிந்தது. சர்க்கரை கூடினால் ஈஸ்டுக்குத் தீனி கிடைக்கும், அதை எதிர்க்கும் வெள்ளை அணுக்களும் மந்தமாகும். மலேசியாவில் இனிப்புநீர் இந்தியர்களிடையேதான் மிக அதிகம். அதனால் நம் வீட்டுப் பெண்களுக்கு இது திரும்பத் திரும்ப வந்தால், சர்க்கரையைப் பார்ப்பதைத் தள்ளிப்போடவே கூடாது.

ஏற்கெனவே இனிப்புநீர் உள்ளவர்கள் தங்கள் மாத்திரையின் பெயரையும் பாருங்கள். டாபாகிளிஃப்லோசின், எம்பாகிளிஃப்லோசின் இரண்டும் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுபவை. அதனால் அந்த இடத்தில் ஈஸ்ட் வர வாய்ப்பு கூடுகிறது. ஆனால் இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது செய்யும் மருந்துகள் அவை. நீங்களாக நிறுத்திவிடாமல், மருந்து கொடுத்த டாக்டரிடம் அரிப்பைப் பற்றிச் சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைத்தால் அவருக்கு எப்படித் தெரியும்?

அடிக்கடி வரும் தொற்றுக்கு ஒரு வேளை மருந்து போதாது. அக்காவுக்கு ஃப்ளூகோனசோல் 150 மில்லிகிராம் முதல் நாள், நான்காம் நாள், ஏழாம் நாள் என்று கொடுத்து, அப்புறம் வாரம் ஒன்றாக ஆறு மாதம் எழுதினார்கள். இரண்டாம் வாரமே அரிப்பு நின்றுவிடும். பலர் அங்கேயே மருந்தை விட்டுவிடுகிறார்கள், தொற்றும் திரும்பி வருகிறது. இந்த மருந்து கிளிக்லசைட் போன்ற சர்க்கரை மாத்திரையோடு சேர்ந்தால் சர்க்கரை மிகவும் இறங்கிவிடலாம். வார்ஃபரின், சிம்வாஸ்டாட்டின் எடுப்பவர்களும் முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். ஒழுங்காக எடுத்தும் அடங்காவிட்டால், பஞ்சால் மாதிரி எடுத்து எந்த வகை ஈஸ்ட் என்று லேப்பில் பார்க்கச் சொல்லுங்கள். கேண்டிடா கிளாப்ராட்டா என்ற வகை ஃப்ளூகோனசோலுக்குச் சுலபத்தில் மசியாது. கர்ப்பிணிகள் ஃப்ளூகோனசோலை விழுங்க வேண்டாம். டாக்டரைக் கேட்டு, உள்ளே வைக்கும் மருந்தை ஏழு இரவு வைப்பதே அவர்களுக்கு வழக்கமான சிகிச்சை.