டான்ஸ் ரெக்கார்டிங்ல "இசை"ன்னு ஒரே வரி போட்டு விடாதீங்க

நவராத்திரி வந்தாலே மதுரையில டான்ஸ் ப்ரோக்ராம் வீடியோவா வந்து குவியும், ஆனா முக்கால்வாசி வீடியோவுக்கு கீழ "பரதநாட்டியம், மீனாட்சி பாட்டு, மதுரை" அவ்ளோதான் இருக்கும். யார் ஆடுனா, என்ன உருப்படி, யார் பாடுனா, பாட்டு யாரோடது, ஒண்ணும் தெரியாது. அஞ்சு வருஷம் கழிச்சு அந்தப் பிள்ளையே தன்னோட வர்ணத்தைத் தேடுனாலும் கிடைக்காது.

பெரும்பாலும் தப்பு ஆரம்பிக்கிறதே அழைப்பிதழை அப்படியே பார்த்து டைப் பண்றதுலதான். அழைப்பிதழ் நிகழ்ச்சிக்கு முன்னாடியே அச்சுக்குப் போயிரும், மேடையில நடக்கிறது வேற. நேரம் இல்லன்னு பதத்தை விட்டுருப்பாங்க, வயலின்காரர் வர முடியாம புல்லாங்குழல் வாசிக்கிறவர் வந்திருப்பார், ஜதிஸ்வரமும் சப்தமும் முன்ன பின்ன மாறியிருக்கும். அதனால வீடியோவை ஓட விட்டுப் பார்த்துத்தான் எழுதணும். இதுக்கு பெரிய உதவி தொகுத்து வழங்குறவங்க பேசுறதுதான், ஒவ்வொரு உருப்படிக்கும் முன்னாடி ராகம், தாளம், இயற்றியவர் எல்லாம் மைக்ல சொல்லிருவாங்க, ஆனா எடிட் பண்றவர் "இது போர்"னு அதைத்தான் முதல்ல வெட்டி எறிவார். வெட்ட விடாதீங்க, குறைஞ்சது வெட்டாத காப்பி ஒண்ணாவது வாங்கி வச்சுக்கோங்க. அவங்களும் சில சமயம் மாத்திச் சொல்லிருவாங்க, அதனால எழுதி முடிச்சதும் நட்டுவாங்கம் பண்ணவங்ககிட்ட ஒரு தடவை காட்டிருங்க, அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு அவங்களுக்குத்தான் முழுசாத் தெரியும்.

அடுத்தது உருப்படியோட பேர். "வர்ணம்", "தில்லானா"ன்னு மட்டும் போட்டா அது வகைதான், பேர் இல்ல. வகையைத் தனியா எழுதி, பாட்டோட முதல் வரியைத் தனியா எழுதுங்க, அதுக்கப்புறம் ராகம், தாளம். வர்ணம், முதல் வரி "மோகமான என்மீது", பைரவி, ரூபகம், தஞ்சை நால்வர்ல பொன்னையா, இப்படி எழுதிட்டா யாருக்கும் சந்தேகம் வராது. ராகமாலிகையா இருந்தா முதல் ராகத்தை மட்டும் போட்டு நிறுத்தாதீங்க, வர்ற வரிசையிலேயே எல்லாத்தையும் எழுதுங்க. அலாரிப்புக்கு பாட்டு வரி கிடையாது, சொல்லுக்கட்டுதான், அதனால அதுக்கு "திஸ்ர அலாரிப்பு"ன்னு நடையோட பேரைப் போட்டா போதும், பாட்டாசிரியர் கட்டத்தை நிரப்பணும்னு எதையாவது எழுத வேண்டாம்.

இப்ப "இசை" விஷயத்துக்கு வர்றேன், எனக்கு மனசு ரொம்ப வருத்தப்படுற இடம் இதுதான். "இசை"ன்னு ஒரே வரி போட்டு அதுல பாடினவங்க பேரை எழுதிருவாங்க, படிக்கிறவங்க பாட்டுக்கு மெட்டு போட்டதே அவங்கதான்னு நினைச்சுக்குவாங்க, பாட்டை எழுதினவர் பேர் காணாமலே போயிரும். இதுல நாலஞ்சு பேரோட வேலை இருக்கு: பாடல் எழுதினவர், மெட்டு அமைச்சவர், அன்னைக்கு பாடினவர், வாசிச்சவங்க, ஜதி கோர்த்தவர். முதல் ரெண்டு பேரும் ஒரே ஆளாத்தான் இருக்கணும்னு இல்ல. திருப்பாவைக்கு ஆடுனா பாடல் ஆண்டாள், ஆனா இப்ப கச்சேரியில பாடுற மெட்டு அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் அமைச்சது. அந்த மெட்டுல பாடியிருந்தா ரெண்டு பேரும் வரணும், வேற மெட்டுன்னா அதை அமைச்சவர் பேர் வரணும். தெரியலன்னா காலியா விடுங்க, "பாரம்பரியம்"னு போட்டு நிரப்பாதீங்க, பின்னாடி வர்றவங்க அதைப் பார்த்துட்டு தேடுறதையே விட்டுருவாங்க.

நட்டுவாங்கமும் நடன அமைப்பும் ஒண்ணு இல்ல. தாளம் தட்டி ஜதி சொல்றது நட்டுவாங்கம், உருப்படியை ஆட்டமா அமைச்சது நடன அமைப்பு. நிறைய இடத்துல ரெண்டுமே குருதான் பண்ணுவாங்க, அதனாலதான் ஒண்ணுன்னே பழகிப்போச்சு. ஆனா குரு தன்னோட குருகிட்ட கத்துக்கிட்ட வர்ணத்தை மாத்தாம சொல்லிக் கொடுத்திருந்தா நடன அமைப்புல அந்த மூத்தவங்க பேர்தான் வரணும். வர்ணத்துல வர்ற தீர்மான ஜதிகளை மிருதங்கக்காரர் கோர்த்துக் கொடுத்திருப்பார், அவர் பேரை மிருதங்கம்னு மட்டும் போட்டா பாதி வேலை மறைஞ்சு போகுது.

ஒரு உருப்படியை முழுசா எடுத்துப் பார்ப்போம். நம்ம ஊர் மேடையில அடிக்கடி வர்ற "தேவி நீயே துணை", தென்மதுரை மீனாட்சி மேல பாபநாசம் சிவன் எழுதினது. இதுக்கு முன்னாடி குமரகுருபரரோட மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ்ல இருந்து ஒரு பாட்டை விருத்தமா பாடி ஆடுறாங்கன்னு வச்சுக்கோங்க. வீடியோவுல ஒரே தொடர்ச்சியா ஓடும், அதனால எல்லாத்தையும் சிவன் பேர்லயே போட்டுருவாங்க. சரியா எழுதினா இப்படி இருக்கும்:

```
உருப்படி 5
விருத்தம்: மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் (பாட்டின் முதல் வரி)
  பாடல்: குமரகுருபரர்
  ராகம்: அன்று பாடியது
கீர்த்தனை: தேவி நீயே துணை
  ராகம்: கீரவாணி   தாளம்: ஆதி
  இயற்றியவர்: பாபநாசம் சிவன்
நடன அமைப்பு:
ஆடியவர்:
நட்டுவாங்கம்:
பாட்டு:
மிருதங்கம்:
வயலின்:
```

விருத்தத்துக்கு தாளம் கட்டம் இல்லாததை கவனிச்சிருப்பீங்க, அது தாளக்கட்டு இல்லாம பாடுறது. ராகமும் பாடகர் அன்னைக்கு எடுத்துக்கிட்டதுதான், அவங்ககிட்டயே கேட்டு எழுதிக்கணும், அடுத்த மேடையில வேற ராகமா இருக்கலாம். அந்த உருப்படி எத்தனை நிமிஷத்துல ஆரம்பிக்குதுன்னு குறிக்கும்போதும் விருத்தத்தோட தொடக்கத்தைத்தான் குறிக்கணும், கீர்த்தனையில இருந்து குறிச்சா பின்னாடி வெட்டி எடுக்கிறவங்க விருத்தத்தை விட்டுருவாங்க.

ஆடினவங்க பேரை ஒவ்வொரு உருப்படிக்கும் தனித்தனியா எழுதணும். சலங்கை பூஜையில இருபது பிள்ளைங்க ஆடியிருப்பாங்க, மேல ஒரே பட்டியலா போட்டா ஜதிஸ்வரத்துல மட்டும் ஆடின சின்னப் பிள்ளை வர்ணமும் ஆடின மாதிரி ஆயிரும். நாட்டிய நாடகம்னா பாத்திரத்தையும் சேர்த்து எழுதுங்க, மீனாட்சி கல்யாணத்துல மீனாட்சி யாரு, சுந்தரேஸ்வரர் யாரு, தாரை வார்த்துக் கொடுக்கிற பெருமாள் யாருன்னு. இனிஷியல் ஒரு இடத்துல முன்னாடி ஒரு இடத்துல பின்னாடி வராம ஒரே மாதிரி வச்சுக்கோங்க. மேடையில லைவ் பாட்டு இல்லாம பதிவு பண்ண பாட்டுக்கு ஆடியிருந்தா அதைக் கட்டாயம் சொல்லணும், அந்தப் பதிவுல பாடினவங்க பேரைப் போட்டு "முன்பே பதிவு செய்தது"ன்னு பக்கத்துல எழுதினா போதும், இல்லன்னா அன்னைக்கு நேர்ல வந்து பாடின மாதிரி ஆயிரும்.

தேதியிலயும் ஒண்ணு இருக்கு. வீடியோ ஏத்தின தேதி வேற, ஆடின தேதி வேற, நமக்கு வேணுங்கிறது ஆடின தேதியும் இடமும்தான்.

கடைசியா, இதையெல்லாம் எங்க எழுதி வைக்கிறதுன்னு. வீடியோ ஃபைலுக்குள்ளயே பேர் போட இடம் இருக்கு, ஆனா வாட்ஸ்அப்ல வீடியோவா அனுப்பினா அது சுருங்கி வேற ஃபைலாத்தான் போகும், உள்ள எழுதினது கூட வரும்னு நம்ப முடியாது. அதனால அதே பேர்ல ஒரு டெக்ஸ்ட் ஃபைலை வீடியோ பக்கத்துலயே வச்சிருங்க, அனுப்பும்போது ரெண்டையும் சேர்த்து அனுப்புங்க. யூடியூப்ல ஏத்தினா அந்த விவரத்தை டிஸ்க்ரிப்ஷன்ல ஒட்டி நேரத்தையும் குறிங்க, முதல் நேரம் 0:00ன்னு இருக்கணும், குறைஞ்சது 3 நேரக்குறிப்பு வரிசையா வேணும், ஒவ்வொண்ணும் 10 செகண்டுக்குக் குறையக்கூடாது, அப்பத்தான் வீடியோ உருப்படி உருப்படியா பிரிஞ்சு தெரியும். நிறைய பேர் 0:00 போடாம நேரா அலாரிப்பு ஆரம்பிக்கிற 2:15ல இருந்து எழுதிட்டு ஏன் பிரியலன்னு கேக்குறாங்க, மேல "0:00 வரவேற்பு"ன்னு ஒரு வரி சேர்த்தா சரியாயிரும்.