ஏலகிரிக்கு மதியச் சாப்பாடு: சாண்ட்விச், நறுக்கிய பழம், அவித்த முட்டை சில்லென்று போய்ச்சேர

காலை 5 மணிக்குச் சென்னையில் கிளம்பி, ஏலகிரியில் சுவாமிமலை ஏறி, மதியம் 12.30-க்கு நாலு பேர் சாப்பிட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் ஏழரை மணி நேரம். உணவு 5 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிட்டால் கிருமிகள் பெருகத் தொடங்கும். அப்படி வெளியே இருக்க 2 மணி நேரம்தான் கெடு, வெயில் 32 டிகிரிக்கு மேல் போனால் 1 மணி நேரம்.

பலரும் செய்யும் தவறு, காலையில் சுடச்சுடத் தயாரித்து, ஐஸ் பையில் வைத்து, குளிர்ந்துவிடும் என்று நம்புவது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 8 சாண்ட்விச், 8 முட்டை, அரைக் கிலோவுக்குச் சற்று மேல் பழம் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 2 கிலோ. இதை 30 டிகிரியிலிருந்து 5-க்குக் கொண்டுவரவே சுமார் அரைக் கிலோ ஐஸ் உருகித் தீர்ந்துவிடும். அப்புறம் வழியில் காக்க என்ன மிஞ்சும்? குளிரவைப்பது ஃபிரிட்ஜின் வேலை, அந்தக் குளிரைக் காப்பதுதான் ஐஸின் வேலை. அதனால் சமையல் எல்லாம் முந்தின நாள் சாயங்காலமே முடிய வேண்டும்.

1. ஐஸ் பாட்டில்

அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் மூன்றில் முக்கால் பாகத்துக்குக் கொஞ்சம் மேலே குடிதண்ணீர் நிரப்பி, முந்தின நாள் காலையிலேயே ஃப்ரீசரில் வையுங்கள். தண்ணீர் உறையும்போது கிட்டத்தட்ட 9 சதவீதம் விரியும், விளிம்புவரை ஊற்றினால் பாட்டில் பிளந்துவிடும். உருகியதும் குடிக்கலாம் என்பதால் கடையில் விற்கும் ஜெல் பையைவிட இதுவே மேல்.

2. முட்டை

கொதிநிலையில் 10 முதல் 12 நிமிடம் வேகட்டும். மஞ்சள் கரு முழுக்க இறுக வேண்டும், அரைவேக்காடு பயணத்துக்கு ஆகாது. குழாய்த் தண்ணீரில் ஆறவைத்து, துடைத்து, ஓட்டோடே ஃபிரிட்ஜில் வையுங்கள். உரித்த முட்டையில் கைபடும், பக்கத்துப் பண்டத்தின் கிருமியும் ஒட்டும். வேகும்போதே வெடித்ததை வீட்டிலேயே சாப்பிட்டுவிடுங்கள். உப்பும் மிளகுத்தூளும் தனிப் பொட்டலமாக வரட்டும்.

3. சாண்ட்விச்

ரொட்டி நசநசவென்று ஆவதற்குக் காரணம் வெள்ளரியும் தக்காளியும்தான். வெள்ளரியை வட்டமாக நறுக்கி, கால் டீஸ்பூன் உப்புப் பிசிறி, 10 நிமிடம் கழித்து ஒட்டப் பிழிந்துவிடுங்கள். தக்காளியை விதை நீக்கி வையுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். இரண்டு துண்டு ரொட்டியிலும் ஓரம்வரை வெண்ணெய் தடவினால் ஈரம் உள்ளே இறங்காது. அதன்மேல் கெட்டியான புதினா-மல்லிச் சட்னி, சீஸ், வெள்ளரி. சட்னியில் தேங்காய் சேர்க்காதீர்கள், சீக்கிரம் புளித்துப்போகும். பச்சை முட்டையில் அடித்த வீட்டு மயோனைஸும் வேண்டாம். ஃபிரிட்ஜில் ரொட்டி காய்ந்து விறைக்கும், அதனால் ஒவ்வொன்றையும் பட்டர் பேப்பரில் இறுகச் சுற்றி டப்பாவில் அடுக்குங்கள்.

4. பழம்

அன்னாசி, மாதுளை நல்லது. தர்பூசணியும் பப்பாளியும் தண்ணீர் விடும், புளிப்பு குறைவு என்பதால் சீக்கிரம் கெடும். எதுவானாலும் நறுக்குவதற்கு முன் தோலோடு கழுவுங்கள். தோலில் இருக்கும் அழுக்கைக் கத்திதான் சதைக்குள் கொண்டுபோகிறது. (உண்மையில் ஆரஞ்சும் வாழைப்பழமும் எடுத்துப்போனால் ஐஸே தேவையில்லை. பழத்துக்காக மட்டும் மெனக்கெடுவது வீண்.)

எல்லா டப்பாக்களும் இரவு 8 மணிக்குள் ஃபிரிட்ஜில் போய்விட வேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் இடைவெளி விட்டு வைத்தால் உள்ளேவரை குளிரும்.

5. பையில் அடுக்குவது

வண்டி கிளம்பும் நேரத்தில்தான் ஃபிரிட்ஜைத் திறக்க வேண்டும். 10 லிட்டர் கூலர் பையின் அடியில் ஒரு பாட்டில், அதன்மேல் முட்டையும் சாண்ட்விச்சும், பிறகு பழ டப்பா, உச்சியில் இரண்டு பாட்டில். குளிர்காற்று கீழ்நோக்கி இறங்கும், எனவே மேலே வைக்கும் ஐஸ்தான் அதிகம் உழைக்கிறது. காலியிடத்தில் துண்டைத் திணியுங்கள். பாட்டிலின் வெளிப்புறம் வேர்க்கும், டப்பா மூடி இறுக்கமாக இல்லாவிட்டால் சாண்ட்விச் நனையும்.

வழியில் குடிக்கும் தண்ணீருக்கு வேறு பை. ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் குளிர் வெளியேறும். காரின் டிக்கி அடுப்பாகக் கொதிக்கும், ஏசி படும் இருக்கைக்குக் கீழே வையுங்கள். நடக்கும்போது வெயில் படாத பக்கமாக முதுகுப் பையில் இருக்கட்டும்.

6. திறக்கும்போது

முதலில் மேல் பாட்டிலை ஆட்டிப் பாருங்கள். உள்ளே ஐஸ் கட்டி தட்டுப்பட்டால், டப்பாவும் சில்லென்று இருந்தால் சாப்பிடலாம். எல்லாம் உருகி, பாட்டிலே வெதுவெதுப்பாக இருந்தால் எப்போது உருகியது என்று தெரியாது. அப்போது முட்டை, சாண்ட்விச், நறுக்கிய பழம் மூன்றையும் கொட்டிவிடுங்கள். மோந்து பார்த்து முடிவெடுக்காதீர்கள், நோய் தரும் கிருமி பல சமயம் வாடையே காட்டாது. விரித்து வைத்துச் சாப்பிட்டதில் மீந்ததையும் திரும்பப் பைக்குள் வைக்க வேண்டாம்.