சான்றிதழில் இருந்த பெயர்

பட்டர்வொர்த் அலுவலகத்தில் மற்ற கணினிகள் வேகமாக இயங்க, கணக்குப் பிரிவின் கணினியில் மட்டும் இணையப் பக்கங்கள் திறக்கத் திணறின. கேபிளையும் டிஎன்எஸ் முகவரியையும் மாற்றியும் பயனில்லை. பிங் சோதனை சீராகவே இருந்தது. வைரஸ் தடுப்பு மென்பொருளைச் சற்று நிறுத்திப் பார்த்தும் மாற்றமில்லை.

விந்தை என்னவென்றால், வங்கித் தளம் மட்டும் உடனே திறந்தது. முகவரிப் பட்டையின் ஓரக் குறியைச் சொடுக்கி, தாமதமான தளமொன்றின் அடையாளத்தை உறுதிசெய்யும் சான்றிதழைப் பார்த்தபோது, வழங்கியவர் என்ற இடத்தில் அந்த வைரஸ் தடுப்பு மென்பொருளின் பெயரே இருந்தது. பக்கத்துக் கணினியிலும் வங்கித் தளத்திலும் அப்படியில்லை. அந்த மென்பொருள் ஒவ்வொரு பாதுகாப்பான இணைப்பையும் இடைமறித்துப் பிரித்துச் சோதித்து, தன் சான்றிதழால் மீண்டும் பூட்டி அனுப்பியது. வங்கிகளுக்கு மட்டும் விலக்களித்திருந்தது. தற்காலிக நிறுத்தம் கோப்புச் சோதனையை மட்டுமே நிறுத்தியிருந்தது.

பாதுகாப்பான இணைப்புகளைச் சோதிக்கும் எச்டிடிபிஎஸ் ஸ்கேனிங்கை அந்த மென்பொருளில் அணைத்துக் கணினியை மறுதொடக்கம் செய்ததும் வேகம் திரும்பியது, நிம்மதியும் வந்தது. கோப்புப் பாதுகாப்பை அப்படியே விட்டிருக்கிறேன்.