கட்டுரை எழுதும் பாடத்தில் தொகுப்பேடும் சக மாணவர் மதிப்பீடும்: எதை எங்கே வைப்பது?

கல்லூரியில் கட்டுரை எழுதக் கற்பிக்கும் பாடத்தை முதன்முறையாக எடுக்கும் ஆசிரியருக்குத் தேர்வுத்தாளுக்கு மாற்றாக இரண்டு மதிப்பீட்டு முறைகள் சொல்லப்படுவதுண்டு. மாணவர் பருவம் முழுவதும் எழுதியவற்றுள் சிலவற்றைத் தாமே தேர்ந்தெடுத்து, அவற்றின் வரைவுகளோடு சேர்த்து ஒப்படைப்பது தொகுப்பேடு. ஒருவருடைய வரைவை வகுப்புத் தோழர்கள் படித்துக் கருத்தோ மதிப்பெண்ணோ தருவது சக மாணவர் மதிப்பீடு. இவை ஒன்றுக்கொன்று போட்டி என்று நான் கருதவில்லை. பாதி வழியில் திருத்துவதற்குச் சக மாணவரும், முடிவில் மதிப்பெண் இடுவதற்குத் தொகுப்பேடும் ஏற்றவை என்பதே என் துணிபு. 30 மாணவர், 15 வாரம், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 800 சொற்கள் கொண்ட மூன்று கட்டுரைகள் என்ற வகுப்பை வைத்து இதைச் செய்யும் விதத்தைப் பார்ப்போம்.

படி 1: தொகுப்பேட்டில் என்ன இருக்கும் என்பதை முதல் வாரத்திலேயே சொல்லிவிடுங்கள்

இதற்கு நல்ல முன்மாதிரி ஒன்று உண்டு. நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஸ்டோனி புரூக் வளாகத்தில், 1980களில், பீட்டர் எல்போ, பாட் பெலனாஃப் என்னும் இருவரும் எழுத்துத் திறனைச் சோதித்த ஒற்றைத் தேர்வை நீக்கிவிட்டுத் தொகுப்பேட்டைக் கொண்டுவந்தனர். மாணவர் திருத்தி எழுதிய மூன்று ஆக்கங்கள், அவற்றை எழுதிய விதத்தைச் சொல்லும் சிறு முன்குறிப்புகள், வகுப்பறையிலேயே யாருடைய உதவியும் இன்றி எழுதிய ஒரு கட்டுரை ஆகியவை அதில் இருந்தன. கடைசியாகச் சொன்னதை விட்டுவிடாதீர்கள். வீட்டிலிருந்து எழுதி வரும் மூன்றும் பழுத்த உரைநடையாக இருக்க, வகுப்பில் எழுதியது மட்டும் வேறொருவர் கையைப் போலத் தெரிந்தால், மாணவரை அழைத்துப் பேச அதுவே போதிய காரணம். பிறர் எழுதித் தந்ததா என்ற ஐயம் தொகுப்பேட்டுக்கு எப்போதும் உள்ள பலவீனம்.

படி 2: முதல் வரைவுகளை நால்வர் குழுவில் படிக்கச் செய்யுங்கள்

நான்கு பேர் குழுவில் ஒவ்வொருவருக்கும் மூன்று வாசகர்கள் கிடைப்பர். 30 பேரில் இருவர் மிஞ்சுவதால் இரு குழுக்களை ஐவராக்கிக்கொள்ளலாம். ‘இந்தக் கட்டுரை எப்படி இருக்கிறது?’ என்று மட்டும் கேட்டால், ‘நன்றாக இருக்கிறது, இரண்டு எழுத்துப்பிழைகள் உள்ளன’ என்ற விடையே வரும். தோழரைப் புண்படுத்தத் தயக்கம் ஒரு பக்கம். எதைப் பார்ப்பது என்று தெரியாமை மறுபக்கம். ஆகவே மூன்று கேள்விகளை அச்சிட்டுக் கொடுங்கள்: எழுதியவர் எதை நிறுவ முயல்கிறார் என்பதை உங்கள் சொற்களில் ஒரு வாக்கியத்தில் எழுதுக, உங்களை மிகவும் நம்பவைத்த இடம் எது, எந்த இடத்தில் தொடர முடியாமல் நின்றீர்கள்?

விடுதிக் கதவை இரவு 9 மணிக்கு மூடும் விதியைப் பற்றி ஒரு மாணவி எழுதுவதாகக் கொள்வோம். அவருடைய வரைவு, ‘விடுதி விதிகள் பற்றி இக்கட்டுரையில் காண்போம்’ என்று தொடங்குகிறது. வாசித்த தோழி இப்படி எழுதுகிறார்: ‘நீ விதியை எதிர்க்கிறாயா, ஆதரிக்கிறாயா என்பது மூன்றாம் பத்தி வரை தெரியவில்லை. அங்கே நூலகம் 10 மணி வரை திறந்திருப்பதைச் சொல்கிறாய், அதுதான் என்னை நம்பவைத்தது.’ அடுத்த வரைவின் முதல் வாக்கியம் மாறுகிறது: ‘நூலகம் 10 மணி வரை திறந்திருக்கும் வளாகத்தில் விடுதிக் கதவை 9 மணிக்கு மூடுவது, ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பறிப்பதாகும்.’ தோழி இலக்கணத்தைத் தொடவே இல்லை. வாசகராக நின்று தடுக்கிய இடத்தை மட்டும் காட்டினார். ஆசிரியர் 30 வரைவுகளுக்கும் இதைச் செய்ய, வரைவுக்கு 15 நிமிடம் என்றாலும், ஒரு கட்டுரைக்கே ஏழரை மணி நேரம் ஆகும்.

பயன் பெறுபவர் எழுதியவர் மட்டுமல்லர். இரண்டாம் மொழியில் எழுதுவோரிடம் 2009இல் வெளியான லண்ட்ஸ்ட்ரம், பேக்கர் ஆய்வில், கருத்துகளைப் பெற்றுத் திருத்தப் பழகியவர்களைவிடப் பிறர் கட்டுரைக்குக் கருத்துச் சொல்லப் பழகியவர்களே தம் சொந்த எழுத்தில் கூடுதலாக முன்னேறினர். எனினும், வாசிப்பவருக்கே தெரியாத ஒன்றை அவரால் சுட்டிக்காட்ட முடியாது. மேற்கோள் தவறான சூழலில் ஆளப்பட்டிருப்பதையோ, வாதத்தில் எதிர்த்தரப்பே இல்லாததையோ குழு முழுவதும் கவனிக்காமல் விடக்கூடும். ஆகவே குழுவுக்கு ஒரு வரைவை ஆசிரியரும் படித்துப் பார்ப்பது நல்லது.

படி 3: சக மாணவர் மதிப்பெண் வேண்டும் என்றால்

நான் பொதுவாகத் தவிர்த்துவிடுவேன். கட்டாயம் வேண்டுமென்றால், ஒரு கட்டுரையைப் பெயர் மறைத்துக் குறைந்தது நால்வரிடம் கொடுங்கள். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சோ, ஷன் ஆகியோரின் ஆய்வுகள் நால்வர் மதிப்பெண்களைச் சேர்த்துப் பார்க்கும்போதுதான் நம்பகம் வருவதாகக் காட்டின. ஒரு கட்டுரைக்குப் பத்துக்கு 7, 7, 8, 4 என்று வந்தால் சராசரி 6.5. ஒரே ஒரு கடுமையான வாசகர் சராசரியைக் கீழே இழுத்துவிட்டார். இடைநிலை மதிப்பான 7ஐ எடுத்துக்கொள்வதே நியாயம். வகுப்பு முழுவதற்கும் 8, 9 என்றே வந்திருந்தால் அங்கே மதிப்பீடு நடக்கவில்லை, நட்பு நடந்திருக்கிறது. ஐந்து கட்டுரைகளை நீங்களே படித்து வரிசைப்படுத்தி, மாணவர் தந்த வரிசையோடு ஒப்பிட்டால் இது தெரிந்துவிடும்.

படி 4: எட்டாம் வாரத்தில் ஒரு வெள்ளோட்டம்

தொகுப்பேட்டை நம்பியிருக்கும் வகுப்பில், தாம் எந்த நிலையில் இருக்கிறோம் என்பது கடைசி வாரம் வரை மாணவருக்குத் தெரியாமற்போகலாம். ஸ்டோனி புரூக்கில் இதற்காகவே பருவத்தின் நடுவில் ஒரு ஆக்கத்தை மட்டும் ஒப்படைக்கச் செய்து, தேறுமா தேறாதா என்று சொல்லிவிட்டனர். அதில் தேறாதவர் அதையே திருத்தி இறுதியில் மீண்டும் வைக்கலாம்.

படி 5: இறுதி வாசிப்பு

30 தொகுப்பேடுகளிலும் சேர்த்து, முன்வரைவுகளும் முன்குறிப்புகளும் வகுப்பில் எழுதிய கட்டுரையும் நீங்கலாகவே, ஏறத்தாழ 72,000 சொற்கள் இருக்கும். தொகுப்பேட்டுக்கு 20 நிமிடம் என்றால் பத்து மணி நேரம். ஒரே மூச்சில் படித்தால் கடைசிப் பத்துப் பேருக்கு அநீதி நேரும் என்பதால் இரண்டு மூன்று நாள்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதலில் வைத்திருக்கும் கட்டுரை சிறப்பாக இருந்தால் அதன் ஒளியில் மற்ற இரண்டும் நன்றாகத் தெரியும். சிலவற்றைப் பின்னிருந்து முன்னாகப் படிப்பது இதைக் குறைக்கும்.

முன்குறிப்புகளிடம் எச்சரிக்கை தேவை. ‘இந்தப் பாடம் என் எழுத்தையே மாற்றிவிட்டது’ என்று எழுதினால் மதிப்பெண் கூடும் என்பதை மாணவர் விரைவில் கற்றுக்கொள்கிறார்கள். அதனால் உணர்வைக் கேட்காமல், முன்வரைவிலிருந்து ஒரு வாக்கியத்தையும் இறுதி வடிவில் அதன் மாற்றத்தையும் எடுத்தெழுதி, யார் சொன்ன எந்தக் கருத்தால் மாற்றினார், எந்தக் கருத்தை ஏன் ஏற்கவில்லை என்பதைக் கேளுங்கள். விடுதிக் கட்டுரை எழுதிய மாணவி அந்த முதல் வாக்கியத்தை இங்கே காட்டுவார். தோழியின் குறிப்புத் தாளும் தொகுப்பேட்டில் இணைந்திருப்பதால் அதைச் சரிபார்க்கவும் முடியும்.

தேர்ச்சி எல்லையில் நிற்கும் தொகுப்பேடுகளை மட்டும் எடுத்து, உங்கள் மதிப்பெண்ணைச் சொல்லாமல், அந்த மாணவருக்குக் கற்பிக்காத மற்றொரு ஆசிரியரிடம் கொடுங்கள். இருவரும் வேறுபட்டால், எந்தப் பக்கத்தில் வேறுபட்டீர்கள் என்பதைப் பேசிய பிறகே மதிப்பெண்ணைப் பதிவேட்டில் ஏற்றுங்கள்.